கூட்டாக கையெழுத்து போட்ட கடன்: ஒருவரே முழுசா கட்டினால் மற்றவரிடம் எவ்வளவு திரும்ப வாங்கலாம்?

"பேருக்கு ஒரு கையெழுத்து போடு மச்சான், தவணையை நான் பாத்துக்கறேன்." கடன் பத்திரத்தில் இரண்டாவது கையெழுத்து பெரும்பாலும் இப்படித்தான் விழுகிறது. அரியலூர் பக்கம் சுண்ணாம்புக்கல் ஏற்ற டிப்பர் லாரி வாங்கினாலும் சரி, பெரம்பலூர் பக்கம் மக்காச்சோளம் போட டிராக்டர் எடுத்தாலும் சரி, பைனான்ஸ் கம்பெனியோ வங்கியோ இரண்டு பேரை உட்கார வைத்துத்தான் கையெழுத்து வாங்கும்.

தவணை நின்ற பிறகுதான் சிக்கல் தெரியும். லாரியை ஓட்டிச் சம்பாதித்தவரை விட்டுவிட்டு, கையெழுத்து மட்டும் போட்டவர் வீட்டுக்கு நோட்டீஸ் வரும். அதுவும் பாதித் தொகைக்கு இல்லை, முழுத் தொகைக்கு. "நான் பாதிதானே கட்டணும்?" என்று கேட்டால், சட்டப்படி பதில் "இல்லை" என்பதுதான்.

அப்படியானால் முழுசாகக் கட்டியவர் மற்றவரிடம் எவ்வளவு திரும்ப வாங்க முடியும்? பாதியா, முழுசா? பத்திரத்தில் அவருடைய பெயருக்கு மேல் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்து இந்தப் பதில் மாறும்.

முழுத் தொகையையும் ஒருவரிடமே கேட்கலாமா?

கேட்கலாம். 1872-ம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 43 இதைத்தான் சொல்கிறது. இரண்டு பேரோ அதற்கு மேற்பட்டவர்களோ சேர்ந்து ஒரு வாக்குறுதி கொடுத்தால், கடன் கொடுத்தவர் அவர்களில் யாரிடம் வேண்டுமானாலும் முழுத் தொகையையும் கேட்கலாம். இதற்கு மாறாக பத்திரத்திலேயே எழுதியிருந்தால் மட்டும்தான் விலக்கு. நடைமுறையில் எந்த வங்கியும் அப்படி எழுதித் தராது. "கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பு" என்ற வரிதான் அச்சிட்ட பத்திரத்தில் இருக்கும்.

எனவே வங்கி ஒருவர் மேல் மட்டும் வழக்கு போட்டாலும் அது செல்லும். "அவரையும் சேர்த்தால்தான் வழக்கு நிற்கும்" என்று வாதாட முடியாது. யாரிடம் வசூலிப்பது சுலபமோ, அதாவது மாதச் சம்பளம் வாங்குபவர், நிலம் வைத்திருப்பவர் யாரோ, அவரை நோக்கித்தான் நோட்டீஸ் போகும். ஆனால் கடன் ஒன்றுதான். ஒருவரிடம் முழுசாக வாங்கிவிட்டு, மற்றவரிடமும் அதே தொகையை இன்னொரு முறை வாங்க வங்கிக்கு உரிமை கிடையாது.

"நான் வெறும் ஜாமீன்தான்" என்றால் தப்பிக்கலாமா?

வங்கியிடம் தப்பிக்க முடியாது. இதற்குத் தெளிவான உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இருக்கிறது. பேங்க் ஆஃப் பீகார் என்ற வங்கி தாமோதர் பிரசாத் என்பவருக்குக் கடன் கொடுத்தது. அதற்கு இன்னொருவர் ஜாமீன் நின்றார். பணம் வராததால் வங்கி இருவர் மேலும் வழக்கு போட்டது. இருவரும் கட்ட வேண்டும் என்று விசாரணை நீதிமன்றம் சொன்னது. ஆனால் ஒரு நிபந்தனை வைத்தது: முதலில் கடன் வாங்கியவரிடம் எல்லா வழியிலும் வசூலித்துப் பார்த்த பிறகுதான் ஜாமீன்தாரரிடம் போக வேண்டும். பாட்னா உயர் நீதிமன்றமும் அதை ஏற்றது.

1968-ல் உச்ச நீதிமன்றம் அந்த நிபந்தனையைத் தூக்கி எறிந்தது. கடன்காரரிடம் அலைந்து திரிந்த பிறகுதான் ஜாமீன்தாரரிடம் வர வேண்டும் என்றால் ஜாமீன் வாங்குவதற்கே அர்த்தம் இல்லாமல் போகும் என்பது தீர்ப்பின் சாரம். ஒப்பந்தச் சட்டத்தின் பிரிவு 128-ம் இதையே சொல்கிறது: பத்திரத்தில் வேறு விதமாக எழுதாதவரை, கடன்காரருக்கு எவ்வளவு பொறுப்போ அவ்வளவும் ஜாமீன்தாரருக்கும் உண்டு.

ஆக, வங்கியைப் பொறுத்தவரை இணைக் கடன்தாரர், அதாவது கோ-பாரோவர், ஜாமீன்தாரர் இரண்டும் ஏறத்தாழ ஒன்றுதான். கட்டியவர் மற்றவரிடம் திரும்பக் கேட்கும்போதுதான் இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் தெரியும்.

இணைக் கடன்தாரராக இருந்தால் எவ்வளவு கிடைக்கும்?

பிரிவு 43-ன் அடுத்த பகுதி இதற்கானது. கூட்டாக வாக்குறுதி கொடுத்தவர்கள் தங்களுக்குள் சம பங்கு தாங்க வேண்டும், வேறு உடன்பாடு இருந்தால் தவிர. தன் பங்கைவிட அதிகமாகக் கட்டியவர், அந்த அதிகத் தொகையை மற்றவரிடம் கேட்கலாம்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். பெரம்பலூர்க்காரர் ஒருவரும் அரியலூர்க்காரர் ஒருவரும் சேர்ந்து டிப்பர் லாரி வாங்கக் கடன் எடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இருவரும் இணைக் கடன்தாரர்கள். அசல், வட்டி எல்லாம் சேர்த்து கடைசி வரை கட்டிய மொத்தத் தொகை 12 லட்சம் ரூபாய்.

இதில் அரியலூர்க்காரர் ஆரம்பத்தில் தவணையாக 4 லட்சம் கட்டினார், பிறகு நிறுத்திவிட்டார். பெரம்பலூர்க்காரர் தவணையாக 2 லட்சம் கட்டியிருந்தார். நோட்டீஸ் வந்ததும் பாக்கி இருந்த 6 லட்சத்தையும் ஒரே தடவையில் அவரே கட்டிக் கணக்கை முடித்தார்.

இப்போது பெரம்பலூர்க்காரர் எவ்வளவு கேட்கலாம்? "கடைசியா கட்டினது 6 லட்சம், அதுல பாதி 3 லட்சம்" என்றுதான் பலரும் கணக்கு போடுவார்கள். அது தப்பு. மொத்தம் 12 லட்சம், ஆளுக்கு 6 லட்சம். பெரம்பலூர்க்காரர் கட்டியது 2-ம் 6-ம் சேர்த்து 8 லட்சம். தன் பங்குக்கு மேல் அவர் கட்டியது 2 லட்சம்தான். அதைத்தான் கேட்க முடியும். 3 லட்சம் கேட்டு நோட்டீஸ் அனுப்பினால், அரியலூர்க்காரர் தன்னுடைய 4 லட்சத்துக்கான ரசீதை எடுத்துப் போடுவார்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். வங்கி பேசித் தீர்த்து 6 லட்சம் பாக்கியை 4 லட்சமாகக் குறைத்து வாங்கியிருந்தால், உண்மையில் கட்டிய தொகைதான் கணக்கில் வரும். தள்ளுபடி கிடைத்த 2 லட்சத்தில் பங்கு கேட்க முடியாது.

மூன்று பேர் கையெழுத்து போட்டு, ஒருவரிடம் ஒன்றுமே இல்லை என்றால்?

இதற்கு சட்டத்துக்குள்ளேயே ஒரு உதாரணம் எழுதி வைத்திருக்கிறார்கள். மூன்று பேர் சேர்ந்து 3,000 ரூபாய் தருவதாக ஒப்புக்கொள்கிறார்கள். ஒருவரிடம் கட்ட எதுவுமே இல்லை. இன்னொருவர் முழு 3,000-ஐயும் கட்ட வேண்டியதாகிறது. அவர் மூன்றாமவரிடம் 1,000 அல்ல, 1,500 ரூபாய் கேட்கலாம். இல்லாதவருடைய பங்கும் இருப்பவர்கள் தலையில் சமமாக விழும் என்பதே விதி.

ஜாமீன்தாரராக இருந்தால்?

இங்கே கதையே வேறு. ஜாமீன்தாரர் கடனில் பங்காளி இல்லை. வேறொருவரின் கடனை அவர் கட்டுகிறார். அதனால் கட்டியது அத்தனையையும் கடன்காரரிடம் திரும்ப வாங்கலாம். பிரிவு 145 இந்த உரிமையைத் தருகிறது. கடன்காரர் தனியாக எழுதிக் கொடுத்திருக்க வேண்டும் என்றுகூட அவசியம் இல்லை. "திருப்பித் தருவேன்" என்ற வாக்குறுதி ஜாமீனிலேயே அடங்கியிருப்பதாகச் சட்டம் எடுத்துக்கொள்கிறது.

மேலே சொன்ன அதே டிப்பர் கடனில், பெரம்பலூர்க்காரர் ஜாமீன்தாரராக மட்டும் கையெழுத்து போட்டிருந்தார் என்று வைப்போம். அவர் கட்டிய 8 லட்சத்தையும் அரியலூர்க்காரரிடம் கேட்கலாம். இணைக் கடன்தாரராக இருந்தால் 2 லட்சம், ஜாமீன்தாரராக இருந்தால் 8 லட்சம். கட்டிய பணம் ஒன்றுதான், பத்திரத்தில் இருந்த ஒரு வார்த்தையால் 6 லட்சம் வித்தியாசம்.

ஜாமீன்தாரருக்கு இன்னொரு பலமும் உண்டு. பாக்கி முழுவதையும் கட்டி முடித்ததும், வங்கிக்குக் கடன்காரர் மேல் இருந்த உரிமைகள் அவருக்கு வந்துவிடும். அடமானமாக வைத்த நகை, பத்திரம் போன்றவையும் இதில் சேரும். ஜாமீன்தாரரைக் கேட்காமல் வங்கி அந்த அடமானத்தை விட்டுக்கொடுத்திருந்தால், அதன் மதிப்பு அளவுக்கு அவருடைய பொறுப்பும் குறையும். ஆகவே பணம் கட்டும் முன், "இந்தக் கடனுக்கு என்னென்ன அடமானம் இருக்கு, இப்போ யார்கிட்ட இருக்கு?" என்று வங்கியில் எழுத்தில் கேட்பது நல்லது.

ஒரு எல்லையும் உண்டு. நியாயமாகக் கட்ட வேண்டியதைத்தான் திரும்பக் கேட்க முடியும். கடன் உண்மை என்று தெரிந்தும் வீம்புக்கு வழக்காடி, அதில் ஏறிய செலவைக் கடன்காரர் தலையில் கட்ட முடியாது.

குழுக் கடனில் என்ன ஆகும்?

மகளிர் குழுக் கடன்களில் பலவும் இப்படித்தான் எழுதப்படுகின்றன: ஒவ்வொருவருக்கும் தனிக் கடன், ஒருவருக்கு மற்றவர்கள் ஜாமீன். ஐந்து பேர் குழுவில் ஒருவர் 20,000 ரூபாய் பாக்கி வைத்துவிட்டு ஊரை விட்டுப் போய்விட்டார், நெருக்கடி தாங்காமல் மீதி நால்வரில் ஒருவரே அதைக் கட்டிவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாக்கி வைத்தவரிடம் அவர் முழு 20,000-ஐயும் கேட்கலாம். ஆள் கிடைக்கவில்லை என்றால், சக ஜாமீன்தாரர்களான மற்ற மூவரிடமும் தலைக்கு 5,000 கேட்கலாம். பிரிவு 146-ன்படி ஜாமீன்தாரர்கள் தங்களுக்குள் சமமாகத் தாங்க வேண்டும். ஆனால் குழு முழுவதும் சேர்ந்து ஒரே கடனாக வாங்கியிருந்தால் கணக்கு மாறும். பத்திரத்தைப் படித்துப் பார்த்துத்தான் எது என்று சொல்ல முடியும்.

பத்திரத்தில் கோ-பாரோவர், உண்மையில் ஜாமீன். அப்போது?

அதிகம் பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான். லாரி ஒருவரிடம், வருமானம் ஒருவருக்கு, பணம் போனதும் அவர் கணக்குக்கே. ஆனால் வங்கி கேட்டதற்காக இன்னொருவர் கோ-பாரோவர் என்ற இடத்தில் கையெழுத்து போட்டிருப்பார்.

"எங்களுக்குள்ள நான் ஜாமீன் மட்டும்தான்" என்ற பேச்சு வங்கியைக் கட்டுப்படுத்தாது. அந்தப் பேச்சு வங்கிக்குத் தெரிந்தே இருந்தாலும் கட்டுப்படுத்தாது என்கிறது பிரிவு 132. ஆனால் அவர்கள் இருவருக்கும் இடையில் அந்தப் பேச்சு செல்லும். கட்டியவர் வழக்கு போடும்போது, இது சம பங்குக் கடன் இல்லை, முழுப் பயனும் அவருக்கே போனது என்று நிரூபித்தால் பாதி என்ற கணக்கைத் தாண்டிக் கேட்கலாம்.

நிரூபிக்கும் பொறுப்பு கேட்பவருடையது. கடன் பணம் யாருடைய கணக்குக்குப் போனது, ஆர்.சி. புக்கில் யார் பெயர், இன்சூரன்ஸ் யார் கட்டினார், வாடகைப் பணம் யாருக்கு வந்தது, "அடுத்த மாசம் கட்டிடறேன்" என்று வாட்ஸ்அப்பில் யார் சொன்னார் ஆகியவைதான் சாட்சி. கடன் எடுக்கும் அன்றே இருவரும் தனியாக ஒரு ஒப்பந்தம் எழுதிக்கொண்டால் இவ்வளவு தேட வேண்டியிருக்காது. வண்டி யாருக்கு, தவணை யார் கட்டுவது, நான் கட்ட நேர்ந்தால் முழுசாகத் திருப்பித் தர வேண்டும் என்ற மூன்று விஷயம் அதில் இருந்தால் போதும்.

மாறாக, இருவரும் சேர்ந்து தொழில் செய்து லாபத்தையும் பிரித்துக்கொண்டவர்கள் என்றால் அது கூட்டு வியாபாரம். அப்போது இந்த ஒரு கடனை மட்டும் தனியே பிய்த்துப் பங்கு கேட்பது கஷ்டம். முழு வரவு செலவையும் பார்க்கச் சொல்லித்தான் கோர்ட்டுக்குப் போக வேண்டி வரும்.

வங்கி ஒருவரை மட்டும் விட்டுவிட்டால்?

இருவரும் இணைக் கடன்தாரர்கள். அரியலூர்க்காரர் வங்கியுடன் பேசி ஒரு தொகை கட்டி, "இனி உங்களுக்குப் பொறுப்பு இல்லை" என்று எழுதி வாங்கிவிட்டார். இதனால் பெரம்பலூர்க்காரர் தப்பிக்க முடியாது, மீதிப் பாக்கிக்கு அவர் பொறுப்புதான். ஆனால் வங்கி விட்டுவிட்டதால் அரியலூர்க்காரரும் முழுசாகத் தப்பிவிடவில்லை. பெரம்பலூர்க்காரர் தன் பங்குக்கு மேல் கட்டினால், அதை அவரிடம் கேட்கலாம். இது பிரிவு 44.

ஜாமீன்தாரர் விஷயத்தில் இது தலைகீழ். வங்கி தானே ஒப்பந்தம் போட்டுக் கடன்காரரை விடுவித்தால், பிரிவு 134-ன்படி ஜாமீன்தாரரும் விடுபடுவார். சக ஜாமீன்தாரர் ஒருவரை மட்டும் விடுவித்தால் மற்ற ஜாமீன்தாரர் விடுபட மாட்டார்.

கையெழுத்து போட்டவர் இறந்துவிட்டால், அவர் பொறுப்பு வாரிசுகளுக்கு வரும். ஆனால் அவர் விட்டுச் சென்ற சொத்தின் அளவுக்குத்தான். வாரிசுகள் தங்கள் சொந்தச் சம்பாத்தியத்திலிருந்து கட்டத் தேவையில்லை.

பணத்தைத் திரும்ப வாங்குவது எப்படி?

முதல் விஷயம், முதலில் கட்டியிருக்க வேண்டும். நோட்டீஸ் வந்த உடனேயே "உன் பங்கைக் கொடு" என்று பேசிப் பார்க்கலாம். ஆனால் பங்குத்தொகை கேட்டு வழக்கு போடும் உரிமை தன் பங்குக்கு மேல் கட்டிய பிறகுதான் பிறக்கும்.

கட்டும் விதமும் முக்கியம். கவுன்டரில் ரொக்கமாகக் கட்டினால் ரசீதில் கடன் எண் மட்டும் இருக்கும், பணம் யார் கொடுத்தது என்பது தெரியாது. பின்னாளில் "அது நான் கட்டினது" என்று மற்றவர் சொல்ல வாய்ப்பு உண்டு. சொந்த வங்கிக் கணக்கிலிருந்து காசோலையாகவோ ஆன்லைனிலோ கட்டுங்கள். கடன் கணக்கின் முழு ஸ்டேட்மென்ட், கையெழுத்து போட்ட ஒப்பந்தத்தின் நகல், கணக்கு முடிந்ததும் நோ டியூ சர்டிபிகேட் ஆகிய மூன்றையும் வாங்கிவிடுங்கள்.

அடுத்து வக்கீல் நோட்டீஸ். மொத்தம் எவ்வளவு, யார் எவ்வளவு கட்டினார், அதிகமாகக் கட்டியது எவ்வளவு, எந்தத் தேதியில் என்று கணக்கோடு எழுத வேண்டும். கட்டிய நாளிலிருந்து வட்டியும் கேட்கலாம், எவ்வளவு என்பதைக் கோர்ட் முடிவு செய்யும்.

எதிர்த் தரப்பு பேச வந்தால் வாய்ப் பேச்சோடு விட வேண்டாம். தொகையைக் குறித்து புரோநோட்டு எழுதி வாங்கலாம். இல்லையென்றால் வட்ட சட்டப் பணிகள் குழுவில் மனு கொடுத்து, வழக்கு போடும் முன்பே லோக் அதாலத்துக்குக் கொண்டுபோகலாம். அங்கே எழுதப்படும் சமரசம் சிவில் கோர்ட் தீர்ப்பாணைக்குச் சமம், அதன் மேல் அப்பீல் கிடையாது.

எந்த ஊர் கோர்ட்? எத்தனை நாளுக்குள்?

2007-ல் அரியலூர் தனி மாவட்டமானதால் இந்தக் கேள்வி இங்கே அடிக்கடி வரும். பங்கு தர வேண்டியவர் குடியிருக்கும் இடத்துக்கான சிவில் கோர்ட்டில் வழக்கு போடுவது பாதுகாப்பு. நமது உதாரணத்தில் அது அரியலூர். ஒப்பந்தம் கையெழுத்தானதோ பணம் கட்டியதோ பெரம்பலூரில் என்றால், வழக்குக்கான காரணத்தில் ஒரு பகுதி அங்கே நடந்தது என்று காட்டி பெரம்பலூரிலும் போடலாம். ஆனால் எதிர்த் தரப்பு அதை ஆட்சேபித்தால் அதற்கே சில வாய்தா போகும்.

கெடு மூன்று வருடம். கடன் எடுத்த நாளிலிருந்தோ தவணை நின்ற நாளிலிருந்தோ இல்லை, பணம் கட்டிய நாளிலிருந்து. ஜாமீன்தாரர் தவணை தவணையாகக் கட்டி வந்தால், ஒவ்வொரு தொகைக்கும் மூன்று வருடம் தனித்தனியாக ஓடும். "மொத்தமா முடிச்சிட்டு அப்புறம் கேட்டுக்கலாம்" என்று ஐந்து வருடம் காத்திருந்தால், முதல் இரண்டு வருடம் கட்டியது காலாவதியாகிவிடும்.

அதனால் நோட்டீஸ் கையில் கிடைத்ததும் முதலில் பழைய ஒப்பந்தத்தின் நகலை வங்கியில் கேட்டு வாங்கி, உங்கள் கையெழுத்துக்கு மேலே கடன்தாரர் என்று இருக்கிறதா, ஜாமீன்தாரர் என்று இருக்கிறதா என்று பாருங்கள். வக்கீல் கேட்கும் முதல் கேள்வியும் அதுவாகத்தான் இருக்கும்.